வாறன் சொல்லாத கடைசிப் படம்

என் வேலை என்னவென்று என் சொந்தக்காரரிடம் கேட்டால், "அவள் சென்ரரிலை இருந்து போனிலை படம் போடுறவள்" என்பார்கள். முழுப் பொய் என்று சொல்லமுடியாது. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ்ச் சமூக நிலையத்தில் கிழமைக்கு நான்கு நாள் வேலை செய்கிறேன். நிலையத்தின் இணையப் பக்கத்தில் வரும் தமிழ் எழுத்தெல்லாம் என் தலையில்தான். முதியோர் உடற்பயிற்சி, வருமான வரி நிரப்பிக் கொடுக்கும் நாள், பிள்ளைகளின் நீச்சல் பதிவு எல்லாவற்றையும் கரோசலாகப் போடுவோம். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற படவரிசைக்கு அதுதான் பெயர். ஒரு படத்துக்கு ஒரு சங்கதி, அதிலும் இருபது சொல்லுக்கு மேல் போனால் ஆட்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இருபது சொல்லில் ஒன்றை ஒழுங்காகச் சொல்வது என்ன பாடு என்று, பிறந்தநாள் விழாவில் மைக்கைப் பிடித்தால் விடாத எங்கள் மாமாமாருக்கு விளங்கப்போவதில்லை.

என் வேலையில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நான் மிகவும் பெருமைப்படுகிற கரோசல் நான் செய்த ஒரு பெரிய பிழையிலிருந்துதான் வந்தது.

மிசிசாகாவில் கார்ப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலை, மாசி மாதக் குளிரில் ஒரு முழு ஷிப்ரையே, அந்த நேர வேலைக்கு வருகிற எல்லோரையும், நிறுத்தியது. எங்கள் ஆட்கள் பலர் அதில் இருந்தார்கள். என் அண்ணனும் ஒருவர். பத்தொன்பது வருடம் அங்கே வேலை செய்தவர். ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிய பிறகும், விடியுமுன் காரில் ஏறி அவ்வளவு தூரமும் ஓடிப் போய்வந்தவர். பிரஸ் மெஷின் இழுக்கும் சத்தத்தை வைத்தே எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவார். பொறியியல் படித்து வந்தவர்களும் அவரைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்களாம்.

வேலை போனதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவர் மனைவி, என் மச்சாள்தான் குளியலறைக்குள் நின்று மெல்லிய குரலில் போனில் சொன்னாள். நான் பொறுத்திருக்கவேண்டும். பொறுமை எனக்குப் பிறவியிலேயே இல்லை. அடுத்த நிமிடமே அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"கேள்விப்பட்டன் அண்ணை. ஒண்டும் யோசியாதேங்கோ. எல்லாம் நன்மைக்குத்தான். உந்த முதுகு நோவோடை இன்னும் எத்தினை வருஷம் ஓடுறது? கொஞ்சநாள் றெஸ்ற் எடுங்கோ."



"சரி, வைக்கிறன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அழைத்தபோதெல்லாம் அவர் போனை எடுக்கவில்லை.

இரண்டு கிழமை போனது. மச்சாள் திரும்பவும் போன் எடுத்தாள். "ஈஐக்கும் எழுதேல்லை. கேட்டால் பாப்பம் எண்டுறார். கொம்பனியிலை இருந்து பேப்பர் வரட்டுமாம். பேஸ்மென்ரை விட்டு மேலை வாறதே சாப்பிடத்தான்."

நிலவறைக்குள் இருந்து நாட்களைப் போக்கிக்கொண்டிருந்தார். ஈஐ என்பது வேலை போனவருக்குக் கிடைக்கும் காப்புறுதி. வேலை முடிந்த நாளிலிருந்து நான்கு கிழமைக்குள் விண்ணப்பிக்கவேண்டும். பிந்தினால் கிடைக்கவேண்டியதில் ஒரு பகுதி இல்லாமல் போகலாம். வேலை முடிந்தது என்று கொம்பனி தருகிற பேப்பர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அது பிறகு வரலாம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், இதையே எத்தனை தரம் கரோசலாகப் போட்டிருக்கிறேன். ஆனால் அண்ணனிடம் சொல்லுகிற உரிமையை ஒரே ஒரு வசனத்தால் நான் தொலைத்துவிட்டிருந்தேன். மச்சாள் சொன்னால், என்னை நினைத்து, "உன்ரை மச்சாள் சொல்லித் தந்தவளோ" என்று கேட்பார். அவருக்கு மிச்சம் இருந்தது இரண்டு கிழமைக்கும் குறைவு.

அந்த நாட்களில்தான் அதே தொழிற்சாலை ஆட்கள் ஒருவர் இருவராக எங்கள் நிலையத்துக்கும் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களை விட வராதவர்கள்தான் அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் காய்ச்சல் வந்தால் நூறு பேருக்குச் சொல்லுவார்கள், வேலை போனால் பக்கத்து வீட்டுக்கும் தெரியக்கூடாது. நிலைய இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "இவைக்கு ஒரு கரோசல் போடவேணும், கெதியா" என்றார். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. நல்ல மனம், ஆனால் எதையும் சிரித்த முகத்தோடு முடிக்கவேண்டும் என்று நினைக்கிறவர். ஒரு மாதிரியும் எடுத்து வைத்திருந்தார். சூரியன் உதிக்கிற படம். அதன்மேல் "இது முடிவல்ல, தொடக்கம்!"

"அக்கா, உது வேண்டாம்" என்றேன்.

"ஏன்? ஆக்களுக்கு நம்பிக்கை குடுக்கவேண்டாமே?"

"நான் குடுத்துப் பாத்திட்டன். போனை வச்சுப்போட்டினம்."

யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "சரி, நீர் எழுதிக் கொண்டுவாரும்" என்றார்.

எங்கள் பக்கத்தை வடிவமைக்கிற பெண் இங்கேயே பிறந்தவள். அவள் முதலில் கொண்டுவந்தது தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கும் வெள்ளைக்கார மனிதர் ஒருவரின் படம். "இவரைப் பாத்தால் எனக்கே வேலை போனமாதிரி இருக்கு" என்றேன். அவள் சிரித்துவிட்டு அதை எடுத்தாள். துக்கத்தைப் படம் பிடித்துக் காட்டவேண்டாம், பார்க்கிறவரிடம் ஏற்கெனவே அது இருக்கிறது என்று முடிவெடுத்தோம். ஆள் இல்லை, சூரியன் இல்லை, சிறு மஞ்சள் முகங்களும் இல்லை. மண் நிறத்தில் வெறும் பின்னணி, பெரிய எழுத்து. பெரிய எழுத்துக்கு நான் பிடிவாதம் பிடித்தேன். ஐம்பது தாண்டிய ஆண்கள் கண்ணாடியைத் தேடி எடுத்து வாசிக்கமாட்டார்கள். எனக்கு ஒருவரைத் தெரியும்.

ஏழு படம் எழுதினேன். எனக்குத் திருப்தியாகவே இருந்தது. நான்காவது படத்தில் ஒரு வசனம் வைத்திருந்தேன்: "உங்கள் பெறுமதி உங்கள் வேலையில் இல்லை." எழுதிவிட்டு என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

வேதனையான விடயம் எதையும், அந்த வேதனையில் இருக்கும் ஒருவருக்காவது காட்டாமல் நாங்கள் வெளியிடுவதில்லை. அது எங்கள் நிலையத்தின் பழக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமை விண்ணப்பம் நிரப்ப வந்திருந்த, வயதில் மூத்த ஒரு அன்ரியிடம் கேட்டேன். அதே தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் பதினாறு வருடம் இருந்தவர். "வாசிச்சுப் பாருங்கோ. பிடிக்காட்டில் பிடிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ, எனக்குக் கோபம் வராது" என்றேன். கோபம் வரும் என்பது எனக்குத் தெரியும்.

அவர் என் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளினார். நான்காவதில் விரல் நின்றது.

"பிள்ளை, இதிலை என்ன சொல்லுறீர்?"

"வேலை போனாலும் உங்கடை மதிப்புக் குறையேல்லை எண்டு, அன்ரி."

"அப்ப பதினாறு வருஷமா நான் செய்ததிலை என்ரை மதிப்பு இல்லையோ? நான் கட்டின பெட்டி ஒண்டும் திரும்பி வந்ததில்லை. அதிலைதான் என்ரை மதிப்பு இருந்தது. அதைத்தான் எடுத்துப்போட்டினம்." அவர் அழவில்லை. ஒரு பிழையான பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதுபோல் போனை என் கையில் தந்தார்.

அண்ணனுக்குச் சொன்னதையே கொஞ்சம் நல்ல தமிழில் திரும்ப எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று சொன்னபோது, பத்தொன்பது வருடமும் ஒரு நோய்போலவும் அது தீர்ந்தது நல்லது போலவும் அல்லவா நான் சொல்லியிருக்கிறேன். முதுகு நோவைத்தான் கண்டேன். மெஷின் சத்தத்தைக் கேட்டுப் பழுது சொல்லுகிற மனிதரை மறந்துபோனேன்.

அன்று பின்னேரம் வரைக்கும் இருந்து திரும்ப எழுதினேன். முதல் படம்: "வேலை இழந்தவருக்கு. இன்றைக்கு வாசிக்க மனம் இல்லாவிட்டால் பிறகு வாசிக்கலாம்." இரண்டாவது: "இது ஓர் இழப்பு. கவலைப்படுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை." நான்காவதை அன்ரிக்காகவே எழுதினேன்: "அந்த வேலையை நீங்கள் செய்தீர்கள். அதில் கெட்டிக்காரராக இருந்தீர்கள். இப்போது அது இல்லை." அதற்குக் கீழே ஆறுதல் எதையும் வைக்கவில்லை. வைக்கக் கை துறுதுறுத்தது, கையை எடுத்துவிட்டேன்.

ஐந்தாவதில்தான் அலுவல்: "ஒன்றுக்கு மட்டும் நாள் கணக்கு உண்டு. ஈஐக்கு நான்கு கிழமைக்குள் விண்ணப்பியுங்கள். கொம்பனிப் பேப்பருக்காகக் காத்திருக்கவேண்டாம்." இதை முதலாவதாகப் போடலாமே என்று வடிவமைக்கிற பெண் கேட்டாள். முதலில் போட்டால் அது அரசாங்கக் கடிதமாகிவிடும். கவலையை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் அலுவலைக் கேட்கிற காது திறக்கும் என்றேன். "ஓகே, தற் மேக்ஸ் சென்ஸ்" என்று, நான் சொன்னது சரிதான் என ஏற்றுக்கொண்டாள்.

ஆறாவது படம் வீட்டுக்காரருக்கு. அதை எழுத முடியாமல் இருந்தேன். "புத்தி சொல்லாதீர்கள்" என்று எழுதினால் அதுவும் புத்தி சொல்லுவதுதான். அப்போது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. எங்கள் ஆட்களுக்குத் துக்கத்தில் இருக்கிறவரோடு எப்படி இருப்பதென்று தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். செத்தவீட்டுக்குப் போனால் கையைப் பிடிக்கிறோம், பக்கத்தில் இருக்கிறோம், தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறோம். எல்லாம் நன்மைக்கே என்று அங்கே வாய் திறந்தால் உறவுக்குள் பிறகு தலைகாட்ட முடியாது. மற்ற வீடுகளில் விடைபெறும்போது சொல்கிற "வாறன்" என்பதைக்கூடச் சொல்லாமல் எழும்பி வருகிறோம், அந்த வீட்டுக்கு இப்படி இன்னொரு தரம் வரக்கூடாது என்பதற்காக. இவ்வளவு நுட்பம் தெரிந்த சனம், வேலை போன வீட்டுக்குப் போனதும் ஆளுக்கொரு ஆலோசகராக மாறிவிடுகிறது. முதல் ஆள் நான்.

"துக்க வீட்டில் நாங்கள் புத்தி சொல்வதில்லை. பக்கத்தில் இருப்போம். வேலை போன வீட்டிலும் அப்படி இருக்கலாம்." அதுதான் ஆறாவது.

அக்கா அதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "துக்க வீடு எண்டு போடுறது சரியோ? ஆக்கள் அபசகுனம் எண்டு சொல்லுவினம்."

"அன்ரிக்குப் போனிலை அனுப்பிக் காட்டினன். நாலாவதை ரெண்டு தரம் வாசிச்சவ. ஆறாவதைத் தன்ரை மகனுக்கு அனுப்பலாமோ எண்டு கேட்டவ."

அக்கா ஆறாவதை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு, "சரி. சூரியனை எடுத்துவிடும்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய விட்டுக்கொடுப்பு. அன்றைக்கு அவரையும் நினைத்துப் பெருமைப்பட்டேன்.

ஏழாவதில் செவ்வாய்க்கிழமைகளில் காலை வந்து இருக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை, யாரோடாவது உடனே பேசவேண்டும்போல் இருந்தால் அழைக்கவேண்டிய எண் இது என்று போட்டோம். எட்டாவதாக வருகிற கடைசிப் படம் எங்கள் எல்லாக் கரோசலின் முடிவிலும் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். பூப்போட்ட சட்டத்துக்குள், "பிடித்திருந்தால் பகிருங்கள்! மீண்டும் வாருங்கள்!" அதை நான் வெட்டிவிட்டேன். வேலை போனவரைத் திரும்பவும் வா என்று அழைக்கிறதா? செத்தவீட்டில் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. ஏழாவது படத்தோடு அது சத்தமில்லாமல் முடிந்தது. அடுத்த நாளுக்கென்று வைத்திருந்த நடனப் போட்டி விளம்பரத்தையும் மூன்று நாள் தள்ளிப்போட்டோம். அது இதன் தலைக்குமேல் வந்து குதிக்கக்கூடாது.

புதன்கிழமை காலை வெளியிட்டோம். பத்து நிமிடத்துக்குள் ஒரு நல்ல மனிதர், தன் மச்சானின் பெயரை எல்லோருக்கும் தெரியும்படி இணைத்து, "இது உனக்குத்தான்டா, யோசியாதை" என்று கருத்து எழுதினார். எங்கள் ஆட்களால் மட்டும் செய்யக்கூடிய உதவி அது. வடிவமைக்கிற பெண் அதை உடனே மறைத்துவிட்டு, தனியே அனுப்பும்படி அவருக்குப் பணிவாக எழுதினாள். அவரும் மன்னிப்புக் கேட்டார். அன்று முழுக்க ஒருவர் மாறி ஒருவர் அந்தப் பக்கத்தைக் காவல் காத்தோம்.

லைக் போட்டு விருப்பம் சொன்னவர்கள் மிகக் குறைவு. நீச்சல் பதிவுக்கே அதைவிட அதிகம் வரும். அக்காவின் முகம் வாடியது. ஆனால் சேமித்து வைத்தவர்களும் தனியே இன்னொருவருக்கு அனுப்பியவர்களும் வேறு எந்தக் கரோசலுக்கும் வராத அளவு இருந்தார்கள். யார் என்று எங்களுக்குத் தெரியாது, எத்தனை என்று மட்டும்தான் காட்டும். விருப்பம் சொன்னால் சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும். சேமித்தால் யாருக்கும் தெரியாது. எங்கள் சனத்தை எனக்குத் தெரியும் என்று அக்காவிடம் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொன்னேன்.

அண்ணனுக்கு அதை நான் அனுப்பவில்லை. அனுப்ப எத்தனை தரம் விரல் போனது என்று எனக்குத்தான் தெரியும். அனுப்பினால் அது கரோசல் இல்லை, தங்கச்சியின் இரண்டாவது புத்திமதி. மச்சாளிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் இருந்த கலண்டரில் நாட்களை எண்ணிக்கொண்டு இருந்தேன்.

நான்கு கிழமை முடிய மூன்று நாள் இருக்கும்போது மச்சாள் போன் எடுத்தாள். இந்த முறை குளியலறைக்குள் நின்று பேசவில்லை, குரல் உரத்துக் கேட்டது. "காலமை எழும்பினார், மேலை வந்தார், கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்து ஈஐக்கு எழுதி அனுப்பிப்போட்டார். நான் ஒண்டும் கேக்கேல்லை, தேத்தண்ணியைப் பக்கத்திலை வச்சிட்டு வந்திட்டன்." நான் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு நன்றாக அழுதேன்.

ஞாயிறு பின்னேரம் ஸ்ரௌவ்வில்லுக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். அண்ணன் கதவைத் திறந்தார். தாடி வளர்ந்திருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் போய் சோபாவில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். மச்சாள் தேத்தண்ணி தந்தாள். தொலைக்காட்சியில் ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் பார்க்கவில்லை.

"மூண்டாம் பிரஸ் இழுக்கேக்கை ஒரு சத்தம் வரும்" என்றார் அவர் திடீரென்று. "அதை ஒருத்தரும் இன்னும் கவனிச்சிருக்கமாட்டினம்."

"என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

சொன்னார். அரை மணித்தியாலம் சொன்னார். எண்ணெய் போகிற வழி, தேயும் வளையம், அது உடைந்தால் யாருடைய கை போகும் என்பதுவரை. எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் என் அண்ணன் எவ்வளவு தொழில் தெரிந்தவர் என்பது விளங்கியது. அதை அவருக்குச் சொன்னேன். "நீங்கள் சரியான கெட்டிக்காரன் அண்ணை" என்று மட்டும். அவர் என்னைப் பார்த்தார்.

"உதை ஆர் எழுதினது?" என்றார்.

எதை என்று நான் கேட்கவில்லை. "நான்தான்."

"ம். எழுத்துப் பெரிசா இருந்தது. கண்ணாடி போடாமல் வாசிச்சன்." பிறகு தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வாழ்நாள் விருது கிடைத்தாலும் அதற்குமேல் ஒன்றும் இருக்காது.

இருட்டுமுன் வீட்டுக்குப் போகவேண்டும். கோப்பையை வைத்துவிட்டு, அவர் கையை ஒரு முறை பிடித்துவிட்டு எழும்பினேன். ஒன்றும் சொல்லாமல் கோட்டைப் போட்டேன், சப்பாத்தைக் கொழுவினேன், கதவைத் திறந்தேன். ஆறாவது படத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறேன் என்று மனதுக்குள் நினைப்பு.

"என்ன, செத்தவீட்டுக்கு வந்தவள் மாதிரிப் போறாய்?" என்று பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. சோபாவிலிருந்து எழும்பி வாசலுக்கு வந்துவிட்டார். "எனக்கு வேலைதான் போனது. சொல்லிப்போட்டுப் போ."

நான் பனிக்குள் நின்று திரும்பிப் பார்த்தேன்.

"வாறன் அண்ணை."

"ஓம், வா" என்றார். நான் காரை எடுக்கும்வரை கதவைத் திறந்தபடியே நின்றார்.